மருதாணிக் கையில் தொங்கிய டேக்

திருப்பூர் மண்ணரைப் பக்கம் அனுசுயாவைத் தேடி வருகிறவர்கள் அவள் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "டேக் அக்கா வீடு எதுங்க?" என்றுதான் கேட்பார்கள். முனையில் இருக்கும் மாவு மில்லில் கேட்டால், கையை நீட்டி நாலாவது லைன் வீட்டைக் காட்டிவிடுவார்கள்.

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் மருதாணி. ஞாயிற்றுக்கிழமைகளில் அனுசுயா கல்யாண வீடுகளுக்கும் காதுகுத்து வீடுகளுக்கும் போய்க் கோன் போட்டுவிடுவாள். கோன் போடத் தெரிந்த பெண்கள் அந்தத் தெருவிலேயே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அனுசுயாவிடம் மட்டும் ஒரு கூடுதல் சங்கதி உண்டு. போட்டு முடித்ததும், காய்கிற கையின் மணிக்கட்டில் ஒரு டேக் கட்டிவிடுவாள். பனியன்களில் விலையும் சைஸும் அச்சடித்துத் தொங்கவிடுவார்களே, அதே அட்டைதான். கம்பெனியில் அச்சுப் பிசகி ஒதுக்கிய டேக்குகளை அவள் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். அவற்றின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அந்த இடத்தில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு வரி எழுதுவாள்.

முதன்முதலில் அதை விளையாட்டுக்குத்தான் செய்தாள். ஒரு வளைகாப்பு வீட்டில், கோன் காய்வதற்குள் எல்லோரும் வந்து கையைத் தொட்டுக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். பையில் கிடந்த டேக்கில், "தொட்டால் ஒட்டிக்குவேன். தள்ளி நின்னே மோந்துக்குங்க!" என்று எழுதிக் கட்டிவிட்டாள். வீடே சிரித்தது. அதற்குப் பிறகு டேக் இல்லாமல் யாரும் விடவில்லை. சமையல்கட்டை விட்டு நகராத ஒரு அம்மாவுக்கு இப்படி எழுதினாள்: "எலுமிச்சை மணக்குது, கிராம்பு மணக்குது. ஆனா இன்னிக்கு ரசம் கிடையாது!" அந்த அம்மா டேக்கைக் கழற்றி பீரோவில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஆட்கள் கூப்பிட்டதே அந்த வரிகளுக்காகத்தான்.

ஒவ்வொரு டேக்கிலும் ஒரு வாசமும் ஒரு நிறமும் இருக்க வேண்டும் என்பது அனுசுயா தனக்கே வைத்துக்கொண்ட சட்டம். கோலம் எல்லாக் கைக்கும் கொஞ்சம் ஒரேமாதிரிதான் வரும். வாசமும் நிறமும்தான் ஆளுக்கு ஆள் மாறும் என்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சட்டத்தில் பாதி அவள் கையைவிட்டுப் போய்விட்டது. அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை.

வாரத்தின் மற்ற ஆறு நாளும் அவள் மகுடேஸ்வரனின் பனியன் கம்பெனியில் வேலை செய்தாள். அப்பா பெருமாள்சாமியும் அம்மா சின்னத்தாயும் கோவில்பட்டிப் பக்கமிருந்து அவளுக்குப் பத்து வயதானபோது திருப்பூருக்கு வந்தவர்கள். அப்பா ஓவர்லாக் டெய்லர். அனுசுயா ஸ்ப்ரே ரூமில் இருந்தாள். வெள்ளைப் பனியனில் மெஷின் எண்ணெய் பட்டுவிட்டால், துப்பாக்கி மாதிரி இருக்கும் ஒரு கருவியால் மருந்தைப் பீய்ச்சிக் கறையை எடுக்க வேண்டும். தூசி வரக்கூடாது என்று ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருப்பார்கள். மூக்கில் பனியன் துணி கட்டிக்கொள்வார்கள். முதல் மாதம் தலை வலித்தது. அப்புறம் பழகிவிட்டது.

பழகிவிட்டது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கருகி, பக்கத்து வீட்டிலிருந்து சின்னத்தாய் ஓடி வந்தாள். அனுசுயா அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.

"கரிஞ்ச வாட தெருமுனை வரைக்கும் வருது, உனக்குத் தெரியலயாட்டீ? எந்த லோகத்துல இருக்க?"

"கவனிக்கலம்மா," என்றாள்.

அன்று சாயங்காலம் வெங்காயத்தை நறுக்கி மோந்து பார்த்தாள். சூடத்தை, மண்ணெண்ணெயை, தலைகாணி உறையை மோந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மூக்கு ஒரு மூடிய ஜன்னல் மாதிரி இருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். அதுவும் வரவில்லை. போகப் போகச் சாப்பாட்டில் உப்பு, புளி, காரம் மட்டும் மிஞ்சியது. மிச்சமெல்லாம் ஒன்றுபோல ஆனது. பண்டிகை வந்தாலும் சம்பள நாள் வந்தாலும் அவளுக்குள் எதுவும் அசைவதில்லை. யாராவது கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றவில்லை.

மருதாணியை மட்டும் விடவில்லை. மூக்கு செய்த வேலையை அளவுகளிடம் கொடுத்துவிட்டாள். இலைப்பொடியை லைக்ரா துண்டை இழுத்துக் கட்டி இரண்டு தடவை சலிப்பாள். இல்லாவிட்டால் கோன் நுனி அடைத்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு, ஆறின டீ டிகாஷன், வரிவரியாக நீளமாக விழுவதற்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை. நூறு கிராம் பொடிக்கு ஒரு டீஸ்பூன் நீலகிரித் தைலம், துளிகூடக் கூடாமல் குறையாமல். மூடி வைத்து இரவு முழுக்க ஊறவிடுவாள். காலையில் மேல்பாகம் பழுப்பாகவும் கிண்டினால் உள்ளே பச்சையாகவும் இருக்க வேண்டும். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிஷம் கழித்துத் துடைத்தால் ஆரஞ்சு நிறம் நிற்க வேண்டும். நின்றால் சாயம் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

டேக்கில் வரும் வாசம் மட்டும் பழைய சரக்கு. தைலம், கிராம்பு, எலுமிச்சை, ஈரத்தழை. இந்த நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

2007ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சூப்பர்வைசர் வந்து ஸ்ப்ரே ரூம் கதவைத் தட்டினார். ஓனர் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலில் கல்யாணம். கோயமுத்தூரிலிருந்து வர வேண்டிய மெஹந்திக்காரப் பெண் வரவில்லையாம். நாளை மத்தியானம் கம்பெனி வேன் போகிறது, நீ போய்விடு என்றார்.

"ரெண்டு நாளைக்கு முன்னாடியே போட்டிருக்கணும் சார். ஒரு நாள்ல நிறம் முழுசா வராது," என்றாள் அனுசுயா.

"அத அங்க போய் அம்மாகிட்ட சொல்லிக்க."

அவள் வீட்டுக்குப் போய்ப் பொடியை ஊற வைத்தாள்.

வெள்ளகோவில் வீட்டு வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓனர் மனைவி பழனாத்தாள் அவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். வேர்த்த முகம், இடுப்பில் சாவிக்கொத்து, ஒரே சமயத்தில் நாலு பேரிடம் பேசுகிற ஆள்.

"வா கண்ணு, சாப்டியா? வேன்ல வர்றப்ப ஒண்ணும் சிரமமில்லீல்ல? இதான் என்ற பொண்ணு அனுப்பிரியா. அண்ணனுக்கு இணைச்சீர் செய்யறது இவதான். மாப்பிள்ளைக்குப் பக்கத்துல உக்காந்திருப்பா, சனமெல்லாம் இவ கையத்தான் பாக்கும். நல்லாப் போட்டுடு சாமி."

அனுப்பிரியாவுக்குப் பதினைந்து வயது. துணியெல்லாம் குவிந்திருந்த கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "நீங்கதான் டேக் அக்காவுங்களா? எங்க க்ளாஸ்ல ஒருத்தி கையில உங்க டேக் பாத்தனுங்க. அவ அத பென்சில் பாக்ஸ்ல வெச்சிருக்கறா. எனக்கு அதவிட சூப்பரா எழுதோணும், சொல்லிட்டேன்."

"எழுதிருவோம்," என்றாள் அனுசுயா. பையைத் திறந்து தன் கோன்களை எடுத்தாள்.

பழனாத்தாள் ஒரு பாலித்தீன் பையை நீட்டினாள். "அது எதுக்குக் கண்ணு? இதப் போடு. பூவாத்தா வாங்கியாந்தா. ஒரு மணி நேரத்துல கருகருன்னு புடிக்குமாமா. நாளைக்குக் காலைல போட்டோவுல ஆரஞ்சா தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

பூவாத்தாள் பழனாத்தாளின் தங்கை. ஜன்னலோரம் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "பத்து நிமிசத்துலயே புடிக்கும்னு கடைக்காரன் சொன்னானுங்க்கா. எனக்கும் ரெண்டு கைக்கும் போட்டுடோணும்."

கோன் பையில் ஒரு பச்சை இலைப்படம் இருந்தது. என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று எங்கும் போடவில்லை. அனுசுயா ஒன்றின் நுனியை வெட்டிப் பிதுக்கினாள். பச்சை இல்லை, பழுப்பும் இல்லை. தார் மாதிரி கறுப்பாக, பளபளப்பாக இருந்தது. மருதாணி இலை எந்த வழியாகப் போனாலும் அந்த நிறத்துக்கு வராது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அந்த நினைப்பு வேறு யாருடையதோ போல ஒரு ஓரமாக நின்றது. அவர்கள் வாங்கி வைத்திருக்கிறார்கள், அவர்கள் கேட்கிறார்கள், போட்டுவிட்டுப் போகலாம். அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது.

முதலில் டேக் வேண்டும் என்று அனுப்பிரியா பிடிவாதம் பிடித்தாள். "எழுதிட்டுப் போடுங்க. அப்பறம்னா மறந்துருவீங்க." அனுசுயா அவளுடைய இடது உள்ளங்கை நடுவில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு பூவைப் போட்டுவிட்டு, அது கொஞ்சம் காயட்டும் என்று டேக்கை எடுத்தாள். பழைய சரக்கிலிருந்தே எழுதினாள்.

அனுப்பிரியா வலது கையில் வாங்கிச் சத்தமாகப் படித்தாள். "நீலகிரித் தைலம் மணக்குது, சளி இல்லை. செங்கல் நிறம் ஏறுது, வீடு கட்டலை. மருதாணிக் கை, சீர் செய்ய வருது!"

ஜன்னலோரத்தில் பூவாத்தாள் சிரித்தாள். அனுப்பிரியாவும் சிரித்துக்கொண்டே உள்ளங்கையை மூக்குக்குக் கொண்டுபோனாள். சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொரு தடவை மோந்து பார்த்தாள்.

"அக்கா, பொய் எழுதியிருக்கறீங்க."

"என்ன பொய்?"

"தைல வாசமே இல்லீங்க. பெட்ரோல் பங்க்ல நிக்கற மாதிரி அடிக்குது. அதோட... அப்பா தலைக்கு அடிப்பாங்கல்ல ஒரு டை, அந்த வாசம்." அவள் கையைத் தள்ளி நீட்டினாள். "மாத்தி எழுதுங்க. பெட்ரோல் மணக்குது, வண்டி இல்லைன்னு."

தன் வேடிக்கைக்குத் தானே மறுபடி சிரித்தாள். அனுசுயா சிரிக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துத் தன் மூக்கருகே வைத்து இழுத்துப் பார்த்தாள். மூடிய ஜன்னல். ஒன்றும் இல்லை. கண் முன்னால் கறுப்புப் பூ மட்டும் பளபளத்தது.

"அனுப்பிரியா, எரியுதா?"

"எரியல. லேசாக் குறுகுறுங்குது."

கம்பெனியில் செக்கிங் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தீபாவளிக்கு இந்த மாதிரி கறுப்புக் கோன் போட்டுக்கொண்டு, நாலாவது நாள் கையெல்லாம் கொப்புளமாக வந்தாள். கொப்புளம் ஆறின பிறகும் கோலம் போட்ட இடமெல்லாம் வரிவரியாகத் தழும்பு நின்றது. டாக்டர், மருதாணியில் தலைச்சாய மருந்தைக் கலக்கிறார்கள், பெட்ரோல் வாசம் வந்தால் தொடாதே என்று சொல்லியனுப்பினாராம். அன்றைக்கு அனுசுயா அதைக் கேட்டு, நம் மூக்குதான் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் பஞ்சை எடுத்துப் பூவைத் துடைத்தாள். தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கித் தடவி மறுபடி துடைத்தாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவச் சொன்னாள். பூ அழியவில்லை. கறுப்பாகவே நின்றது.

பழனாத்தாள் வந்து பார்த்தாள். "என்னாச்சு? ஏன் அழிச்சே? நல்லாத்தானே புடிச்சிருக்குது!"

"இது வேண்டாம்க்கா. இதுல கெமிக்கல் இருக்கு. புள்ள கை வெந்துரும். எங்கிட்ட இலைப்பொடி இருக்கு, அதப் போடுதேன்."

"அது நாளைக்கு ஆரஞ்சாத்தானே நிக்கும்?"

"ஆமா. நாளைக்கழிச்சுதான் கருஞ்சிவப்பு வரும்."

"நாளைக்கழிச்சு வந்து யாருக்குக் கண்ணு காட்டறது? கல்யாணம் நாளைக்குல்ல?" பழனாத்தாளின் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது. "கெமிக்கல்னு இப்பத்தான் தெரிஞ்சுதா? எடுத்ததுமே வாசம் தெரியலயா உனக்கு? அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சது, கோன் போடறவளுக்குத் தெரியாதா?"

அனுசுயாவுக்குச் சொல்ல ஒரு பொய் இருந்தது. ஜலதோஷம் என்று சொல்லலாம். அதைத்தான் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் இனி எந்த வீட்டிலும் கோன் போடக் கூப்பிட மாட்டார்கள். திங்கட்கிழமை கம்பெனியில் உள்ளே விடுவார்களா என்பதும் தெரியாது. ஆனால் ஜலதோஷம் என்றால், அந்தக் கோனையே போடச் சொல்வார்கள். கட்டிலில் அந்தப் பெண் ஈரக் கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வாசம் தெரியாதுக்கா," என்றாள். "ரெண்டு வருசமாத் தெரியாது. எந்த வாசமும்."

"ஏன்? காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சா?"

"இல்ல. ஸ்ப்ரே ரூம்ல இருக்கேன். அந்த மருந்து."

"எந்தக் கம்பெனில?"

"நம்ம கம்பெனிலதாங்க்கா."

வெளியே மைக் செட்டைச் சரிபார்க்கிறவன் 'அலோ, அலோ' என்று சொல்லிக்கொண்டிருந்தான். பூவாத்தாள் பூக் கட்டுவதை நிறுத்தியிருந்தாள். சொல்லி முடித்ததும் உடம்பு நடுங்கும் என்று அனுசுயா எதிர்பார்த்தாள். நடுங்கவில்லை. மருதாணி எவ்வளவு நேரம் ஊறியது என்று சொல்கிற மாதிரிதான் அதையும் சொல்லியிருந்தாள்.

பழனாத்தாள் இடுப்புச் சாவியை ஒரு தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளினாள். "அப்பறம் டேக்ல வாசம் வாசம்னு எழுதறயே?"

"ஞாபகத்துல இருக்கறத எழுதுவேன்."

பழனாத்தாள், "உன்ற கோனையே போடு," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள். வாசலில் அவள் யாரையோ காரணமில்லாமல் அதட்டுவது கேட்டது.

"நான் அந்தக் கோனத்தான் போட்டுக்குவேன்," என்றாள் பூவாத்தாள். "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. போன வருசம்கூடப் போட்டேன்."

"நான் போட மாட்டேன்க்கா."

"நீ போடலைன்னா என்ன, எனக்குக் கையில்லையா?" அவள் கோனை எடுத்துத் தன் இடது கையில் தானே கோடுகள் இழுக்க ஆரம்பித்தாள்.

அனுசுயா தன் கோனின் நுனியை வெட்டினாள். வெட்டினதும் கோலத்தை ஆரம்பிக்காமல், அதை அனுப்பிரியாவிடம் நீட்டினாள்.

"மோந்து பாத்து நீயே சொல்லு."

அனுப்பிரியா கண்ணை மூடிக்கொண்டு மோந்தாள். "முதல்ல தைலம் வருது. கோடாலி மார்க் மாதிரி இல்ல, லேசா. அப்பறம்..." நெற்றியைச் சுருக்கினாள். "தோட்டத்துல சோளத்தட்டுப் போர் இருக்குதுங்கல்ல, மழை பேஞ்சு நனைஞ்ச மறுநா கிட்டப் போனா ஒரு வாசம் வரும். அது. அதுக்கடியில டீத்தூள்."

அனுசுயாவுக்குச் சோளத்தட்டு வாசம் எப்படி இருக்கும் என்று தெரியாது. கோவில்பட்டியில் சின்ன வயதில் தெரிந்திருக்கலாம். அவள் தலையாட்டிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு ஆரம்பித்து ஆறு மணிக்கு முடித்தாள். இடது உள்ளங்கையில் கறுப்புப் பூ இருந்த இடத்தைத் தொடாமல், அதைச் சுற்றி ஒரு வட்டமாக இடம் விட்டுக் கொடியை வளைத்துக்கொண்டு போனாள். உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் பட்டையாக நிரப்பினாள். அங்கேதான் தோல் தடித்து, சாயம் ஆழமாக இறங்கும். புறங்கையில் எவ்வளவு போட்டாலும் வெளிறித்தான் நிற்கும். அதனால் அங்கே மெல்லிய கோடுகள் மட்டும். காய்ந்து வெடிக்க ஆரம்பித்ததும் எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கரைத்துப் பஞ்சில் ஒற்றியெடுத்தாள். பிறகு தோசைக் கல்லில் நாலு கிராம்பைப் போட்டுப் புகையவிட்டு, அந்தச் சூட்டுக்கு மேலே கையைக் காட்டச் சொன்னாள்.

"காலைல வரைக்கும் தண்ணி படக்கூடாது. காஞ்சதச் சொரண்டித்தான் எடுக்கணும், கழுவக் கூடாது. எடுத்ததும் தேங்காண்ணெய் தடவு. சொரண்டினப்ப ஆரஞ்சா இருக்கேன்னு அழாத. காத்துப் படப்படத்தான் கறுக்கும்."

"சோறு யாருங்க ஊட்டுவாங்க?"

"இத்தன சித்தி, அத்தை இருக்காங்கல்லா?"

"டேக் எங்க?"

அனுசுயா பழைய டேக்கைக் கிழித்துப் பையில் போட்டாள். புதிய ஒன்றை எடுத்தாள். இந்தத் தடவை கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுதினாள்:

"மோந்து பாருங்க: மழையில் நனைஞ்ச சோளத்தட்டு. உத்துப் பாருங்க: இன்னிக்குக் கேரட், நாளைக்குச் செங்கல், மறுவீட்டுக்கு நாவப்பழம். இது சாயப்பட்டறை இல்லீங்க, அவசரப்படாதீங்க!"

அனுப்பிரியா கட்டிலில் உருண்டுவிடுவாள் போலச் சிரித்தாள். "சோளத்தட்டு நாஞ்சொன்னது!"

"வாசத்த எழுதினது நீதான். நான் நிறத்த மட்டும்தான் எழுதினேன்."

மறுநாள் காலையில் வேன் இல்லாததால் அனுசுயாவும் கல்யாணத்தில் இருந்தாள். பந்தலின் ஓரத்தில் நின்று பார்த்தாள். இணைச்சீரின்போது அனுப்பிரியாவின் கைகள் நன்றாக ஆரஞ்சாகத்தான் இருந்தன. யாரோ ஒரு அம்மா, "என்ன இது, புடிக்கவே இல்லையே," என்றாள். போட்டோகிராபர் கன்னையன் கேமராவை இறக்கிவிட்டு, "அந்த அட்டைய எடுங்க சாமி, மறைக்குது," என்றார். பக்கத்தில் வந்து அட்டையைப் படித்தவர், "வேண்டாம், இருக்கட்டும்," என்று சொல்லி, கைகளையும் டேக்கையும் சேர்த்தே நாலு படம் எடுத்தார். படித்தவர்களெல்லாம் சிரித்துக்கொண்டு மணப்பெண் வீட்டாரிடம் காட்டினார்கள். நாவப்பழம் எப்போது வரும் என்று மாப்பிள்ளையின் மாமனார் கேட்டார்.

கன்னையன் அனுசுயாவிடம் வந்தார். "இடது கையில நடுவுல ஏனுங்க வட்டமா உட்டுட்டீங்க? டிசைனா?"

"ஆமாங்க," என்றாள். பொய் தானாக வந்தது.

செவ்வாய்க்கிழமை மறுவீட்டுக்குப் போனபோது உள்ளங்கை கருஞ்சிவப்பாக, நாவல்பழத் தோல் மாதிரி ஆகியிருந்ததாம். வட்டத்துக்கு நடுவில் இருந்த சின்னப் பூவைச் சுற்றி மட்டும் தோல் சிவந்து, ஒரு வாரம் அரித்து, பிறகு உரிந்தது. பூவாத்தாளின் இடது கை முழங்கை வரைக்கும் வீங்கிக் கொப்புளம் கட்டி, காங்கேயத்தில் டாக்டரிடம் மூன்று தடவை போக வேண்டியிருந்தது. சூப்பர்வைசர்தான் இதையெல்லாம் வந்து சொன்னார். அனுசுயா கேட்டுக்கொண்டாள். தன் கையால் நேர்ந்தது அந்த ஒரு ரூபாய்க் காசு அளவுதான் என்று நினைத்தாள். அதுகூட நேர்ந்திருக்க வேண்டாம். நிறத்தைப் பார்த்தபோதே கோனைக் கீழே வைத்திருக்கலாம். அதற்கு மூக்கு தேவைப்படவில்லை. அன்று அவளுக்கு இல்லாமல் போனது மூக்கு மட்டும் இல்லை. கம்பெனியிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போதெல்லாம் அவளுக்கு இதுவே தோன்றியது.

கல்யாணம் முடிந்த புதன்கிழமை காலையில், "ஓனர் சொல்லிட்டாரு. இனிமே நீ மடிப்பு செக்ஷனுக்குப் போ. சம்பளம் அதேதான்," என்றார் சூப்பர்வைசர். ஒரு தடவை மகுடேஸ்வரன் மடிப்பு மேசையைக் கடந்து போனபோது நின்று, அவளைப் பார்த்து, ஏதோ கேட்க வந்ததுபோல் வாயைத் திறந்தார். செல்போன் அடித்தது. பேசிக்கொண்டே போய்விட்டார்.

ஸ்ப்ரே ரூமில் அவள் இடத்தில் நதியாவைப் போட்டார்கள். பத்தொன்பது வயது. தென்காசிப் பக்கம். ஜன்னல் அடைத்தபடியேதான் இருந்தது.

அனுசுயாவுக்கு அதைப் பார்த்துக் கோபம் வர வேண்டும். வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அன்று சாப்பாட்டு வேளையில் அவள் நதியாவின் எதிரில் உட்கார்ந்து, பொட்டலத்திலிருந்து ஒரு கிராம்பை எடுத்துக் காட்டினாள்.

"கண்ண மூடு. இது என்ன வாசம்?"

"கிராம்புலா! என்னக்கா பரீட்ச வைக்கிய?"

மறுநாள் எலுமிச்சைத் தோல். அதற்கடுத்த நாள் தைலம். நதியா அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு, மேசை முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னாள். "வேற கடினமாக் கொண்டாங்கக்கா!" மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டு ஆளுக்கொரு பொருளைக் கொண்டுவந்தார்கள். ஒருத்தி தன் புருஷனின் சட்டைக் காலரைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று ஒரு நாள் சாப்பாட்டு ரூமே அலறிச் சிரித்தது.

மூன்றாவது வாரம் ஒரு நாள் அனுசுயா இரண்டு சொட்டுத் தைலம் விட்ட பஞ்சை நீட்டினாள். நதியா மோந்தாள். மறுபடி மோந்தாள்.

"ஏதோ வருது... என்னன்னு சொல்லத் தெரியலக்கா. ஜலதோசம் புடிச்சிருக்குன்னு நெனைக்கேன்."

யாரோ சிரித்தார்கள். அனுசுயா பஞ்சைப் பொட்டலத்தில் சுற்றி வைத்தாள். மணி அடித்ததும் மடிப்பு மேசைக்குப் போய், இழுப்பறையில் கிடந்த டேக்குகளில் ஒன்றை எடுத்து, பச்சைப் பேனாவால் எழுதினாள். மருதாணிக் கைக்கு எழுதுகிற மாதிரியே, வாசத்தையும் நிறத்தையும் சேர்த்து எழுதினாள். ஸ்ப்ரே ரூமுக்குள் போய், நதியா பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்ப்ரே துப்பாக்கியின் கைப்பிடியில் கட்டினாள்:

"என்னை மோந்து பாருங்க. வாசம் வந்தால் நல்லது. வரலைன்னா உடனே எந்திரிச்சு வெளிய போங்க. நான் வெள்ளை பண்றது துணிய மட்டும் இல்ல."

நதியா அதைப் படித்தாள். சிரிப்பாள் என்று அனுசுயா நினைத்தாள். அவள் சிரிக்கவில்லை. மூக்கில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டு, துப்பாக்கியின் நுனியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள்.

சூப்பர்வைசர் சத்தம் போட்டுக்கொண்டு வருவது கேட்டது. அனுசுயா டேக்கின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். பிறகு ஜன்னலை அடைத்திருந்த அட்டையை ஒரு மூலையிலிருந்து உரிக்க ஆரம்பித்தாள்.